வால்வை அடைத்தால் கேசிங் பைப்பைச் சுற்றி நீர் கசிகிறது: என்ன செய்வது?

வெள்ளாற்றங்கரை (கேள்வி): சேத்தியாத்தோப்புக்கு அருகே எங்கள் வயலில் 110 மீட்டர் ஆழத்துக்குப் போர் போட்டோம். 90 மீட்டர் வரை பெரும்பாலும் களிமண்ணாக இருந்தது. அதன்பின் மணல் வந்ததும், மோட்டார் இறக்குவதற்கு முன்பே நீர் தானாகப் பொங்கத் தொடங்கிவிட்டது. வீணாகப் போகிறதே என்று வால்வு பொருத்தி அடைத்தேன். மறுநாள் பைப்பின் வெளிப்புறத்தில், மண்ணும் கலந்து, கலங்கலாக நீர் ஊறி வந்தது. நீர் ஏன் ஏறுகிறது, கசிவை எப்படி நிறுத்துவது?

ஏரிப்பாசனம்: வீராணம் ஏரி நிரம்பியதால் அதன் அழுத்தம் இங்கே தெரிகிறது. பைப்பை இரண்டு மீட்டர் உயர்த்திவிட்டால் போதும், நின்றுவிடும்.

துளைமேஸ்திரி: உயரம்தான் காரணம் என்பது சரி, ஆனால் அந்த உயரம் ஏரியினுடையதாகத் தெரியவில்லை. மேற்கே மேட்டு நிலத்தில் கடலூர் மணற்பாறை வெளியே தெரியும் இடங்களில் மழைநீர் இறங்குகிறது. அது கிழக்கே சரிந்து களிமண்ணுக்கு அடியில் சிக்கிக்கொள்வதால், துளை கிடைத்ததும் தான் இறங்கிய மட்டத்தை நோக்கி ஏறுகிறது. வழியில் உராய்வால் உயரத்தை இழப்பதால் அந்த மட்டத்தை முழுமையாக எட்டுவதில்லை. ஒளி ஊடுருவும் குழாயைப் பைப்பின் வாயில் இறுக்கிக் கட்டி உயர்த்திப் பாருங்கள், எங்கே நிற்கிறது என்று தெரியும்.

வெள்ளாற்றங்கரை: தரையிலிருந்து 1.8 மீட்டரில் நின்றது ஐயா. நான்கு நாட்களில் ஏரி மட்டம் குறைந்தபோதும் அது அசையவில்லை.

துளைமேஸ்திரி: அப்படியானால் ஏரியின் பங்கு பெரிதாக இருக்க முடியாது. பைப்பை உயர்த்தினால் உட்புற ஒழுக்குதான் நிற்கும். வால்வை அடைத்தாலும் பைப்பை உயர்த்தினாலும் அடியில் அழுத்தம் ஒன்றே என்பதால், வெளிப்புற இடைவெளியில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளி சிமென்ட் இட்டு அடைக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். இப்போது வால்வைத் திறந்தே வையுங்கள். மண் கலந்து வருவது ஆபத்து, பைப்பைச் சுற்றித் தரை உள்வாங்கலாம். போர் போட்டவரை அழைத்து, உள்ளிருந்து பம்பு செய்து மட்டத்தைத் தரைக்குக் கீழே இறக்கி, வெளி நீர் அசையாமல் நிற்கும்போது மெல்லிய குழாய் வழியாகச் சிமென்ட் குழம்பைக் கீழிருந்து மேலாக நிரப்பச் சொல்லுங்கள். ஓடும் நீரில் ஊற்றினால் கரைந்து போய்விடும். இறுகும் வரை பம்பை நிறுத்தக் கூடாது.

பாகூர்வாசி: எங்கள் போரில் நீர் 12 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும்?

துளைமேஸ்திரி: அதைத் தனி இழையில் கேளுங்கள். நீங்கள் முதலில் களிமண்ணுக்கு அடியில் நீர் கண்ட ஆழம் 12 மீட்டரைவிட அதிகமென்றால், பொங்காவிட்டாலும் உங்களுடையதும் இதே இனம்தான்.

வெள்ளாற்றங்கரை: சிமென்ட் வேலைக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கோடையில் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் இறைக்கும்போது இந்த 1.8 மீட்டர் நிலைக்குமா?

துளைமேஸ்திரி: சொல்ல முடியாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் இதே வகை நீரழுத்தத்தைக் குறைப்பதற்காகவே இடைவிடாமல் பம்பு செய்கிறார்கள். இறைப்பு கூடினால் மட்டம் இறங்கும். மாதம் ஒருமுறை அந்தக் குழாயைக் கட்டி அளந்து எழுதி வையுங்கள்.