முறுக்கு சுடும் புகை ஹால் வரை வருகிறது: சிம்னியா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

மூணாவது மாடி: அவசரம். ஆர்டருக்கு வீட்டிலேயே முறுக்கு சுடுகிறோம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் புகை ஹாலுக்கு வருகிறது. அலமாரி மேல் கை வைத்தால் ஒரே பிசுக்கு. சிம்னி வாங்கலாமா? சத்தம் அதிகமாமே?

கோவை ராணி: ஃபேன் எத்தனை இன்ச்? அடுப்பு எவ்வளவு தூரம்? ஜன்னல் எங்கே?

மதுரைக்காரன்: 1200 சக்‌ஷன் சிம்னி வாங்குங்க. நம்பர் பெரிசா இருந்தா புகை நிக்காது.

பழைய மெக்கானிக்: இதையெல்லாம் பழைய இழைகளில் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். பெட்டியில் போட்ட நம்பர் அப்படியே வீட்டில் கிடைக்காது, மதுரை. குழாய் நீண்டாலும் வளைந்தாலும் இழுப்பு குறையும். 6 இன்ச் குழாயைப் பில்டர் விட்ட 4 இன்ச் ஓட்டையில் திணித்தால் இழுப்பு போய்ச் சத்தம்தான் மிஞ்சும்.

மூணாவது மாடி: 9 இன்ச் ஃபேன், ஜன்னலுக்கு நேர் மேலே. புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைப்போம். அடுப்பு எதிர்ச்சுவரில், 7 அடி இருக்கும்.

கோவை ராணி: அங்கேதான் கோளாறு. ஜன்னல் வழியாக வரும் வெளிக்காற்றையே ஃபேன் இழுத்து வெளியே தள்ளுகிறது, அடுப்புப் பக்கக் காற்று அசைவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, ஹால் ஜன்னலைத் திறந்தால் புகை ஃபேனைப் பார்த்துச் சாயும். ஆனாலும் 7 அடி கடந்து போகும் புகை வழியெல்லாம் எண்ணெயைப் படியவிடும். தினமும் வாணலி ஏறும் வீட்டுக்கு, அடுப்புக்கு மேல் இரண்டு, இரண்டரை அடியில் பிடித்துக்கொள்ளும் சிம்னிதான் சரி.

தோசைக்கல்: எங்களுடையது வாடகை வீடு, சுவரை உடைக்க முடியாது. குழாய் இல்லாத சிம்னி போட்டோம். வாசனை குறைந்தது, சூடும் ஆவியும் உள்ளேயே சுற்றுகின்றன. கரி ஃபில்டரையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மதுரைக்காரன்: ஆட்டோ கிளீன் வாங்கினா கழுவுற வேலையே இல்ல.

பழைய மெக்கானிக்: அது உள்ளே இருக்கும் எண்ணெயைச் சூடாக்கித் தட்டில் இறக்கும், அவ்வளவுதான். தட்டைக் கொட்டவும், எண்ணெயைப் பிடிக்கும் பேஃபிள் தகட்டைக் கழுவவும் ஆள் வேண்டும்.

மதுரைக்காரன்: எங்க வீட்டில் தகடே கிடையாது, ஃபில்டர் இல்லாத மாடல்.

பழைய மெக்கானிக்: அப்போது எண்ணெய் முழுக்க மோட்டார் பக்கம் போகிறது. முறுக்குக்கு அது ஆகாது.

மதுரைக்காரன்: அதுக்குத்தான் கீழே எண்ணெய்க் கிண்ணம் இருக்கே. இதுவரை ஒரு தொல்லையும் இல்ல.

கோவை ராணி: அந்தச் சண்டை இருக்கட்டும். ஸ்டீல் பேஃபிளைச் சுடுதண்ணீரில் சமையல் சோடா போட்டு ஊறவைத்தால் பிசுக்கு கழன்றுவிடும். அலுமினிய வலையைச் சோடாவில் போட்டால் கறுத்துவிடும். சத்தத்துக்கு, சுடும்போது மட்டும் முழு வேகம், அப்புறம் குறைத்துவிடுங்கள்.

மூணாவது மாடி: ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான். ஜன்னலைச் சாத்தியதும் ஹாலுக்குப் புகை குறைந்தது. குழாய்க்குச் சுவரில் துளை போட அசோசியேஷனில் கேட்டிருக்கிறேன்.