சாம்சுங்கில் காசு கட்டி வாங்கின கேம் ஐபோனுக்கு ஏன் வராது?

டிக்கோயா_மழை
சாம்சுங்கை வித்துட்டு ஐபோன் 15 எடுக்கப் போறேன். கூகுள் பிளேயில் மைன்கிராஃப்டோட சேர்த்து நாலு கேம் காசு கட்டி வாங்கியிருக்கேன். டவுன்ல ஒரு போன் கடையில "Move to iOS போட்டா எல்லாம் வந்துரும்"னு சொல்றாங்க. வருமா? வராட்டி ஏன்? மைன்கிராஃப்ட்ல தம்பி மூணு வருஷமா கட்டின உலகம் ஒண்ணு இருக்கு, அதுவும் போயிருமா?

பண்டாரவளை_லொறி
இதுக்கெல்லாமா பயப்படுறது? போன மாசம் நான் சாம்சுங்ல இருந்து ஷாவோமிக்கு மாறினேன். கூகுள் கணக்கைப் போட்டதும் வாங்கின கேம் எல்லாம் வந்து நின்னுச்சு. ஒரு சதம் மேல கட்டல.

நானுஓயா_கோட்
லொறி அண்ணே, நீங்க மாத்தினது போனை, கடையை மாத்தல. அவர் கடையையே மாத்துறார். நீங்க கட்டின காசு உங்க கூகுள் கணக்கில்தான் பதிவாகியிருக்கு. கூகுள் பிளே இருக்கிற எந்த அண்ட்ரொயிட் போனிலும் அந்தக் கணக்கைத் திறந்தா கேம் திரும்ப இறங்கும். அப்பிள் கடைக்கு அந்தப் பதிவைப் பார்க்க வழியே இல்லை. அங்கே அவர் ஒண்ணும் வாங்காத புது ஆள்.

அண்ட்ரொயிட்டுக்குள்ளேயே மாறினாலும் இரண்டு இடத்தில் மாட்டும். கேமை கூகுள் பிளேயில் வாங்காம சாம்சுங்கோட சொந்தக் கடையான கேலக்ஸி ஸ்டோரில் வாங்கியிருந்தா அது சாம்சுங் கணக்கோட கட்டுண்டது, ஷாவோமியில் திறக்காது. அடுத்தது, 2019 மே மாசத்துக்குப் பிறகு வந்த ஹுவாவே போன்கள். அதுகளில் பெரும்பாலானதில் கூகுள் பிளே கிடையாது.

கடைக்காரர் சொல்ற Move to iOS, தொடர்பு எண், மெசேஜ், படம் எல்லாம் கொண்டு போகும். ஆப் விஷயத்தில் அது செய்றது ஒண்ணுதான்: இரண்டு கடையிலும் இருக்கிற இலவச ஆப்களைத் தேடிப் பிடிச்சு, அப்பிள் கடையில இருந்து புதுசா இறக்க வரிசையில் போடும். கேம் கோப்பையும் தூக்காது, காசு கட்டின ரசீதையும் தூக்காது.

பதுளை_சண்டியன்
விஷயம் அவ்வளவு சின்னது இல்லை தம்பி. ஐபோன்ல சிப்பே வேற, அதனால அண்ட்ரொயிட் கேம் ஓடாது. அதுக்கு மேல, வெளியே வாங்கினதை உள்ளே விடக்கூடாதுன்னு அப்பிள் சட்டமே போட்டிருக்கு. ஒரே கேமை இரண்டு தரம் விக்கிற கொள்ளை இது.

நானுஓயா_கோட்
கேம் ஓடாதுங்கிறது சரி, நீங்க சொன்ன காரணம்தான் பிழை. இரண்டு போனிலும் சிப் ஏ.ஆர்.எம். வகைதான். வித்தியாசம் அதுக்கு மேலே. அண்ட்ரொயிட் கேம், திரையில் படம் வரைய வல்கன் அல்லது ஓபன் ஜி.எல்.லைக் கூப்பிடும். ஐபோனில் அந்த இடத்தில் இருக்கிறது மெட்டல். சத்தம், தொடுதல், கோப்புச் சேமிப்பு எல்லாத்துக்கும் கூப்பிடுற பேர் வேற வேற. அதோட, அப்பிள் கையொப்பம் இல்லாத நிரலை ஐபோன் சாதாரணமா ஓட்டாது. `.apk` கோப்பை வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சாலும் அது ஐபோனில் சும்மா கிடக்கும்.

சட்டமும் நீங்க சொல்ற மாதிரி இல்லை. அப்பிளோட விதி 3.1.3(b), வேற தளத்தில் வாங்கின பொருளை ஐபோனிலும் பாவிக்க விடலாம்னுதான் சொல்லுது. ஒரே நிபந்தனை, அதே பொருள் ஐபோன் கேமுக்குள்ளேயும் விலைக்கு இருக்கணும்.

பதுளை_சண்டியன்
அப்போ இன்னும் மோசம்! விதி இடம் கொடுத்தும் கேம்காரன் தரலன்னா, திருடன் அவன்தானே?

நானுஓயா_கோட்
அங்கேதான் முடிச்சு. கேமில் இரண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, கடையில இலவசமா இறக்கி, உள்ளே போய் ஒரு தரம் காசு கட்டி முழுசையும் திறக்கிறது. அதில் கேம்காரர் சொந்தமா ஒரு கணக்கு முறை வச்சிருந்தா, கூகுள் தர்ற ரசீதை அவரோட சர்வர் கூகுளிடமே கேட்டு உறுதி பண்ணி, "இந்த ஆள் கட்டிட்டார்"னு எழுதி வச்சுக்கும். ஐபோனில் அதே கணக்கோட நுழைஞ்சா சர்வர் திறந்து விடும். மேலே சொன்ன விதி இந்த ஜாதிக்குத்தான் உதவும்.

மற்றது, மைன்கிராஃப்ட் மாதிரி, இறக்கவே காசு கேட்கிறது. அங்கே வாசல்ல நிக்கிறது கடை. காசு கட்டாம கேம் இறங்காது, இறங்காம கேமோட சர்வர் உங்களைப் பார்க்கவே முடியாது. கேம்காரர் நல்லவரா இருந்து "இவர் ஏற்கெனவே வாங்கினவர், சும்மா கொடு"ன்னு நினைச்சாலும், அப்பிளிடம் அதைச் சொல்ல ஒரு பொத்தான் இல்லை. கையில் இருக்கிறது இலவசக் குறியீடு மட்டும். அதுவும் ஒரு பதிப்புக்கு 100, 28 நாளில் காலாவதி. கூகுள் பக்கம் மூணு மாசத்துக்கு 500. இலட்சக்கணக்கில் வித்த கேமுக்கு இது எந்த மூலைக்கு?

தலவாக்கலை_டீச்சர்
கோட் தம்பி, நீங்க கேம்காரர் பக்கம் ரொம்பச் சாயுறீங்க. வாசல்ல கடை நிக்குதுன்னா, அந்த வாசலை விட்டுட்டு முதல் ஜாதியா விக்கலாமே? இறக்கம் இலவசம், உள்ளே ஒரு விலை. கேம் செய்ற கருவியான யூனிட்டியில் எழுதின கேம்னா மூல நிரலும் பெரும்பாலும் ஒண்ணேதான். "இரண்டாவது தரம் எழுதினோம், அதனால இரண்டாவது தரம் காசு"ங்கிற வாதம் எனக்கு ஏறல.

நானுஓயா_கோட்
அக்கா, பாதி ஒத்துக்கிறேன். யூனிட்டியில் பெரும் பகுதி ஒண்ணுதான். ஆனா ஐபோன் பதிப்பைக் கட்டி அனுப்ப மெக் கணினி தேவை. அப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டொலர், கூகுளுக்கு ஒரே தரம் 25 டொலர். ஒவ்வொரு ஐ.ஓ.எஸ். புதுப்பிப்புக்கும் திரும்பச் சோதிக்கணும். கணக்கு முறை வச்சா சர்வர் வாடகை, கடவுச்சொல் மறந்தவங்களுக்குப் பதில் சொல்றது, இதெல்லாம் கேம் விக்கிற வரைக்கும் தொடரும். 7 டொலர் கேமில் கடைக்கு 15 வீதமோ 30 வீதமோ போன பிறகு மிச்சத்தில்தான் அது நடக்கணும். ஒரு ஆள், இரண்டு ஆள் செய்ற கேமுக்கு இது பாரம்.

தலவாக்கலை_டீச்சர்
ஒரு ஆள் செய்ற கேமுக்குச் சரி. மைன்கிராஃப்ட் யாருடையது? மைக்ரோசொப்ட். சர்வரும் இருக்கு, கணக்கு முறையும் இருக்கு. அந்த சாக்கை அங்கே வச்சுச் சொல்லுங்க பார்ப்போம்.

நானுஓயா_கோட்
அங்கே நீங்க சொல்றது நியாயம்தான். அவங்க நினைச்சா மாத்தலாம்.

பதுளை_சண்டியன்
ஆக நான் சொன்னது சரி. கொள்ளை.

கண்டி_ரிப்பேயர்
சண்டை நடக்கட்டும், தம்பியோட உலகத்தை யாரும் கவனிக்கல. டிக்கோயா, சாம்சுங்கை விக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. பிறகு செய்ய முடியாது. அந்த உலகம் போனுக்குள்ளேதான் இருக்கு. கேமை அழிச்சா அதுவும் அழிஞ்சுரும்.

முதல்ல சாம்சுங்கிலேயே மைன்கிராஃப்டைத் திறந்து மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைஞ்சிருக்கீங்களான்னு பாருங்க. நுழையாம, கேமுக்குள்ளே இருக்கிற கடையான மார்க்கெட்பிளேஸில் தோல், பெக் ஏதும் வாங்கியிருந்தா அது அந்தப் போனோட நின்னுடும். பழைய போனில் இருக்கும்போதே நுழைஞ்சாத்தான் கணக்குக்கு மாத்த வழி இருக்கு. கணக்கோட சேர்ந்ததை ஐபோனில் திரும்ப இறக்கலாம், கேமுக்கான 6.99 டொலரை மட்டும் அப்பிளுக்குப் புதுசா கட்டணும்.

அடுத்து, உலகத்தை விட்டு வெளியே வந்து, பட்டியலில் அதோட பேருக்குப் பக்கத்தில் இருக்கிற பென்சில் படத்தைத் தொடுங்க. கீழே தள்ளிட்டுப் போனா `Export World` இருக்கும். `.mcworld` ஒண்ணு சேமிக்கும். உலகம் பெரிசுன்னா நேரம் எடுக்கும், திரையை அணைய விடாதீங்க. கோப்பு மெனேஜரில் இந்தக் கோப்புறையைத் தேடிப் பிரதி எடுக்கலாம்னு சிலர் சொல்வாங்க:

```
Android/data/com.mojang.minecraftpe/files/games/com.mojang/minecraftWorlds
```

அண்ட்ரொயிட் 11க்குப் பிறகு `Android/data` பெரும்பாலும் போனிலேயே பூட்டி இருக்கும், அதனால அந்த வழியில் நேரம் கெடுக்காதீங்க.

தோட்டத்துப் பக்கம் சிக்னலில் நூற்றுக்கணக்கான எம்.பி.யை ட்ரைவில் ஏத்தினா விடிஞ்சுரும். இரண்டு போனிலும் லோக்கல்சென்ட் ஆப்பைப் போட்டு, ஒரு போனில் ஹொட்ஸ்பொட் திறந்து மற்றதை அதில் இணைச்சு அனுப்புங்க. கோப்பு போனுக்குப் போன் நேரா போகும், அதை அனுப்ப டேட்டா செலவில்லை. ஐபோன் 15இல் டைப்-சி இருக்கிறதால, எக்ஸ்ஃபெட்டில் ஃபோர்மெட் பண்ணின டைப்-சி பென் ட்ரைவும் Files ஆப்பில் தெரியும்.

ஐபோனில் கோப்பைத் தொட்டா மைன்கிராஃப்டில் திறக்கணும். திறக்காட்டி பேரைப் பாருங்க. வழியில் ஏதாவது ஆப் பேரோட முடிவை `.zip` ஆக்கியிருக்கும். `.mcworld` உள்ளுக்குள்ளே ஸிப்தான், அதனால பேரைத் திருப்பி மாத்தினாப் போதும். பேர் சரியா இருந்தும் ஏத்த மறுத்தா, ஐபோன் பதிப்பு சாம்சுங் பதிப்பைவிடப் பழசா இருக்கலாம். புதுசில் செய்த உலகத்தைப் பழசு எடுக்காது.

டிக்கோயா_மழை
நன்றி ரிப்பேயர் அண்ணே. மத்த மூணு கேமில் ஒண்ணு இலவசமா இறக்கி உள்ளே காசு கட்டினது. ஐபோனில் அந்த கேமில் "Restore Purchases" என்று ஒரு பொத்தான் இருக்குன்னு படம் பார்த்தேன். அதை அழுத்தினா வந்துருமா?

நானுஓயா_கோட்
வராது. அது அப்பிளிடம் மட்டும்தான் கேட்கும், அப்பிளிடம் உங்க பேரில் ஒண்ணும் இல்லை. சாம்சுங்கில் அந்த கேமோட செட்டிங்ஸைத் திறந்து பாருங்க. ஈமெயில், சூப்பர்செல் ஐடி மாதிரி சொந்தக் கணக்கு இருந்தா இப்பவே இணைச்சு வச்சுக்கங்க, பெரும்பாலும் தப்பிச்சீங்க. கூகுள் பிளே கேம்ஸ் கணக்கு மட்டும் இருந்தா அது ஐபோனுக்கு வராது, கேமில் நீங்க எட்டின நிலையும் சேர்த்து.

பண்டாரவளை_லொறி
அப்போ சாம்சுங்கை விக்காம தம்பிக்கு விட்டுட்டா? சிம் இல்லாம வைஃபையில் விளையாடட்டும்.

கண்டி_ரிப்பேயர்
கூகுள் கணக்கை எடுக்காம வச்சிருந்தா நாலும் அப்படியே ஓடும். விக்கிறதுன்னா மட்டும், ரீசெட்டுக்கு முன்னாடி செட்டிங்ஸில் கூகுள் கணக்கையும் சாம்சுங் கணக்கையும் எடுத்துருங்க. இல்லாட்டி வாங்கினவர் போனை ஏத்தும்போது உங்க கடவுச்சொல் கேட்டு நிக்கும், இரண்டாம் நாள் கடை வாசலுக்கு வந்துருவார்.

தலவாக்கலை_டீச்சர்
மைக்ரோசொப்ட் பற்றின என் கேள்வி அப்படியே நிக்குது. யாராவது பதில் வச்சிருந்தா எழுதுங்க.