பி.டபிள்யூ.எம்முக்குத் தமிழ் வேண்டும், சனிக்கிழமைக்குள்

எழுதுவது: ரோபோட்டிக் குழு ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி ரோபோட்டிக் குழுவுக்குச் சனிக்கிழமை பட்டறை. தோட்டப் பக்கத்திலிருந்து வரும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். ஆர்டுவினோ ஊனோ பலகையில் ஓர் எல்இடியை மங்கச் செய்வது, அப்புறம் ஒரு சின்ன மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, இந்த இரண்டும்தான் பாடம். பயிற்சித்தாள் தமிழில் இருக்க வேண்டும்.

இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று பல்ஸ் விட்த் மாடுலேஷன், சுருக்கமாகப் பி.டபிள்யூ.எம். 'துடிப்பு அகலப் பண்பேற்றம்' என்று போட்டிருக்கிறேன். அதைப் பார்த்த ஒரு மாணவன் அடிக்கோலை எடுத்து "எங்கே அளக்கணும் டீச்சர்?" என்று கேட்டான். மற்றது டியூட்டி சைக்கிள். 'கடமைச் சுழற்சி' என்று எழுதினால், வகுப்பில் யார் என்றைக்குக் கூட்டுவது என்ற அட்டவணை என்று நினைக்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

எழுதுவது: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

அன்புள்ள ஆசிரியைக்கு. 'துடிப்பு' வேண்டாம். வேர்ச்சொல்லே 'துடி' என்று நிற்கும்போது 'பு' என்னும் ஈறு எதற்கு? துடி என்பது பறை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று குடிகளை எண்ணும்போது துடியனே முதலில் நிற்கிறான். அடித்தவுடன் எழுந்து உடனே அடங்கும் ஒலி அது. மின்துடிப்பும் அப்படித்தானே எழுந்து அடங்குகிறது? மேலும் துடியின் நடுப்பகுதி ஒடுங்கியது, அதனால்தான் 'துடியிடை' என்றார்கள். ஒடுங்கலும் அகலலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே முதற்சொல்லுக்கு 'துடியகல்வு', இரண்டாவதற்குத் 'துடிவீதம்'. 'பண்பேற்றம்' என்பதை நான் ஏற்க மாட்டேன். எந்தப் பண்பை எதில் ஏற்றுகிறோம்?

எழுதுவது: மின்பொருள் கடைக்காரர், சுங்கை சிப்புட்

டீச்சர், இதுக்கு இவ்வளவு சுற்ற வேண்டாம். பலகை ஐந்து வோல்ட்டைக் குறைத்து இரண்டரை ஆக்குகிறது, விளக்கு மங்குகிறது. நானே மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டரைதான் காட்டியது. 'மின்னழுத்தத் தணிப்பு' என்று போடுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

எழுதுவது: சோதனைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

அண்ணே, மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. பலகையின் இணைப்புக் காலில் இரண்டரை வோல்ட் ஒரு கணம்கூட இருப்பதில்லை. ஒன்று ஐந்து, இல்லையென்றால் சுழியம். வேகமாக மாறுவதால் மீட்டர் சராசரியைக் காட்டுகிறது. தோட்டத்து லயத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, அதுபோலத்தான் இது. குழாயில் வேகம் குறையாது, வரும் நேரம்தான் குறையும்.

ஓர் எண்ணை எடுத்துப் பார்ப்போம்.

```
analogWrite(9, 64);
```

ஊனோவில் 9ஆம் கால் நொடிக்குச் சுமார் 490 முறை துடிக்கும். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிநொடி. முழு அளவு 255; 64 அதில் கால் பங்கு. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அரை மில்லிநொடி ஐந்து வோல்ட், மீதி ஒன்றரை மில்லிநொடி ஒன்றுமில்லை. மீட்டர் 1.25 வோல்ட் பக்கம் காட்டும். 'மின்னழுத்தத் தணிப்பு' என்று கற்றுக்கொடுத்தால், மோட்டார் ஏன் ரீங்காரம் போடுகிறது என்று பிள்ளை கேட்கும்போது பதில் இருக்காது. அந்த ஒலி வெட்டி வெட்டிக் கொடுக்கும் மின்னோட்டத்தால் வருவது.

ஐயா சொன்ன 'துடிவீதம்' அழகாக இருக்கிறது. ஆனால் வீதம் என்றால் நொடிக்கு எத்தனை முறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது 490. அதை நாம் மாற்றவே இல்லை. மாறுவது ஒரு சுற்றுக்குள் மின்சாரம் இருக்கும் பங்கு மட்டும், அதுதான் டியூட்டி சைக்கிள்.

எழுதுவது: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

> அது 490. அதை நாம் மாற்றவே இல்லை.

வீதம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 'துடியகல்வை' விடவில்லை. பண்பேற்றம் பற்றிய கேள்விக்கு விடை வரவில்லையே.

எழுதுவது: குழும உறுப்பினர், தாப்பா

இந்தப் பேச்சு நடக்கும்போதே கேட்டுவிடுகிறேன். வீட்டில் சீலிங் ஃபேன் ஒன்றாம் எண்ணில் 'உம்ம்' என்று இரைகிறது. ஆர்டுவினோ வைத்தால் சரியாகுமா? சொல்லைப் பொறுத்தவரை எனக்கு 'நாடி' பிடிக்கும். மலாயிலும் நாடித்துடிப்பை 'டெஞுட் நாடி' என்றுதான் சொல்கிறோம். வள்ளுவரும் 'நோய்நாடி' என்கிறார்.

எழுதுவது: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

தம்பி, குறளில் வரும் நாடி 'ஆராய்ந்து' என்னும் வினையெச்சம். கையைப் பிடித்துப் பார்க்கும் நாடி அன்று.

எழுதுவது: சோதனைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

தாப்பா நண்பருக்கு: வேண்டாம். சீலிங் ஃபேன் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தில். பழைய ரெகுலேட்டருக்குள் கம்பிச்சுருள் இருக்கும், புதியவற்றில் பல அந்த அலையையே வெட்டும் வகை. நாம் பேசுவது பேட்டரியில் ஓடும் சின்ன நேர்மின் மோட்டார். அந்தச் சுவர்ப்பெட்டியைத் திறந்து பலகையை இணைத்தால் உயிருக்கே ஆபத்து. வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஐயாவின் கேள்வி நியாயமானது. பண்பேற்றம் வானொலிப் பாடத்திலிருந்து வந்த சொல். அங்கே பேச்சோ பாட்டோ அலைமேல் ஏறுகிறது. எல்இடி விஷயத்தில் எந்தச் செய்தியும் ஏறவில்லை, மின்சாரத்தை அளந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அதே குழுவில் பிள்ளைகள் நாளைக்கு சர்வோ மோட்டார் எடுப்பார்கள். அதற்கு 20 மில்லிநொடிக்கு ஒரு துடிப்புப் போகும். துடிப்பு 1 மில்லிநொடி நீண்டால் ஒரு பக்கம் திரும்பும், 2 என்றால் மறுபக்கம். அங்கே அகலம்தான் செய்தி. அங்கே பண்பேற்றம் சரியாகவே பொருந்துகிறது. ஒரே பெயர் இரண்டு வேலைக்கும் ஓடுவதால்தான் இந்தச் சிக்கல். ஆங்கிலத்திலும் இதே சிக்கல்தான், அவர்கள் கண்டுகொள்வதில்லை.

டீச்சர், 'அகலம்' என்ற சொல்லைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, நீண்ட வயரில் எல்இடியைக் கட்டி, 64 எழுதிவிட்டு, கைப்பேசிக் கேமராவில் படமெடுக்கும்போது எல்இடியை வேகமாக வீசச் சொல்லுங்கள். கோடாக விழாது, துண்டு துண்டாக விழும். கை நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போனால் ஒளித்துண்டு ஒரு மில்லிமீட்டர், இருட்டு மூன்று மில்லிமீட்டர். 128 எழுதினால் இரண்டும் ஏறத்தாழ சமம். அந்த மாணவன் அடிக்கோல் வைத்து அளக்கட்டும்.

எழுதுவது: ரோபோட்டிக் குழு ஆசிரியை, சுங்கை சிப்புட்

நேற்று மாலை செய்து பார்த்தோம். படத்தில் துண்டுகள் தெளிவாக விழுந்தன. 'அகலம்' இனி இருக்கட்டும்.

இன்னொன்று கவனித்தேன். 255இலிருந்து 128க்கு வந்தால் வெளிச்சம் பாதியாகத் தெரியவில்லை. கொஞ்சம் குறைந்ததுபோலத்தான் இருக்கிறது. ஆனால் 8இலிருந்து 4க்கு, நான்கே எண் குறைத்தாலும், ஏறக்குறைய அதே அளவு குறைந்ததுபோலத் தெரிகிறது. நான் எங்காவது தப்பாக இணைத்திருக்கிறேனா?

எழுதுவது: சோதனைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

இணைப்பு சரி, கண் அப்படித்தான். வெளிச்சத்தின் வித்தியாசத்தைக் கண் கழித்துப் பார்ப்பதில்லை, விகிதமாகப் பார்க்கிறது. பயிற்சித்தாளில் 50, 100, 150 என்று ஏற்றாதீர்கள், கடைசிப் படிகளில் பிள்ளைகளுக்கு மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போங்கள், ஒவ்வொரு படியும் தெரியும்.

மோட்டாரில் இது எதிர்மாறு. கீழ்ப்படிகளில் சுற்றவே சுற்றாது. 60 கொடுத்தால் ரீங்காரம் மட்டும் கேட்கும், அச்சு அசையாது. உராய்வைத் தாண்டும் அளவுக்கு சராசரி மின்னோட்டம் போதவில்லை. ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால் குறைந்த எண்ணிலும் ஓடும். அதனால் முதலில் ஒரு தள்ளு கொடுக்க வேண்டும்.

```
analogWrite(9, 255);
delay(200);
analogWrite(9, 90);
```

90 என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும், பிள்ளைகளே தேடட்டும்.

எழுதுவது: மின்பொருள் கடைக்காரர், சுங்கை சிப்புட்

சரி தம்பி, வோல்ட் விஷயம் விளங்கியது. அந்தப் பங்குக்கு 'எரிபங்கு' வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் மோட்டார் எரிந்தது என்றால் கம்பிச்சுருள் கருகியது என்று அர்த்தம். 'திறப்புப் பங்கு' என்று வையுங்கள். நம் ஊரில் லைட்டைத் திற, ஃபேனை அடை என்றுதான் எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள்.

எழுதுவது: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

அது மலாய் 'புக்கா', 'தூத்தூப்' என்பதன் நிழல். பேச்சில் இருக்கட்டும், கலைச்சொல்லில் வேண்டா.

எழுதுவது: சோதனைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

ஐயா, நிழல் என்பதால் எனக்கு மறுப்பில்லை. மக்கள் பேசுவது தமிழ்தான். என் கவலை வேறு. அறிவியல் பாடத்தில் 'திறந்த சுற்று' என்றால் மின்சாரம் ஓடாத சுற்று. ஒரே பிள்ளை காலையில் 'திறந்தால் ஓடாது' என்று படித்துவிட்டு, மாலையில் 'திறப்புப் பங்கு கூடினால் வேகம் கூடும்' என்று படித்தால் குழம்பிவிடும். மின்சாரம் இருக்கும் நிலையை நிரலில் `HIGH` என்று எழுதுகிறார்கள், ஆகவே 'உயர்பங்கு' என்று வைக்கலாமா?

எழுதுவது: குழும உறுப்பினர், தாப்பா

உயர்பங்கு என்றால் விலை ஏறிய பங்கு மாதிரி இருக்கிறது. சும்மா டியூட்டி என்றே எழுதிவிடலாமே. ஆறு மாதத்தில் படிவம் ஒன்றுக்குப் போனால் எல்லாம் மலாய்தான்.

எழுதுவது: ரோபோட்டிக் குழு ஆசிரியை, சுங்கை சிப்புட்

படிவம் ஒன்றுக்குப் போவதற்குள் தமிழில் ஒருமுறை விளங்கிவிட்டால், அங்கே வெறும் பெயர்மாற்றம்தான். அதற்காகத்தான் இந்தப் பாடு.

வெள்ளி இரவு அச்சுக்குக் கொடுக்கிறேன். தலைப்பில் ஒருமுறை 'துடிப்பு அகலப் பண்பேற்றம்', பிறகு உள்ளே பி.டபிள்யூ.எம். டியூட்டி சைக்கிளுக்கு 'உயர்பங்கு', விழுக்காட்டில். இதுவரை எனக்குத் தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் இதையே சொன்னார்கள்.

எழுதுவது: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

அச்சிடுங்கள் அம்மா. 'துடியகல்வு' என்னும் என் கருத்து குழுமத்தில் பதிவாகி இருக்கட்டும்.

எழுதுவது: மின்பொருள் கடைக்காரர், சுங்கை சிப்புட்

நான் திறப்பு என்றுதான் சொல்வேன். டீச்சர், மோட்டாரை நேராக 9ஆம் காலில் மாட்டச் சொல்லியிருக்கிறீர்களா? படத்தில் அப்படித் தெரிகிறது.

எழுதுவது: சோதனைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

அண்ணன் நல்ல நேரத்தில் கேட்டார். அந்தப் படத்தை மாற்றுங்கள் டீச்சர். ஒரு கால் தாங்கும் உச்ச அளவே 40 மில்லிஆம்பியர். சின்ன மோட்டார்கூடக் கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். இடையில் ஒரு மாஸ்ஃபெட், மோட்டாருக்குத் தனிப் பேட்டரி, பேட்டரியின் எதிர்முனையும் பலகையின் GNDயும் ஒன்றாக. மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு, வெள்ளைக்கோடு உள்ள முனை பேட்டரியின் நேர்முனைப் பக்கம். அது இல்லாமல் ஓட்டினால், ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் சுருளிலிருந்து எழும் உயர் அழுத்தம் மாஸ்ஃபெட்டைத்தான் தாக்கும். டயோடைத் திருப்பி மாட்டினால் பேட்டரி நேராக அதன் வழியே பாயும், மோட்டார் சுற்றாது, டயோடு சுடும். பிள்ளைகள் இணைத்ததும் நீங்கள் வெள்ளைக்கோட்டைப் பார்த்த பிறகே பேட்டரியை மாட்டச் சொல்லுங்கள்.