தோசைக்கல் தலைப்பு: எந்த எழுத்துக்கூட்டலை முன்னால் வைப்பது?

இணையச் சந்தைத் தளம் ஒன்றில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் விற்கிறேன். தலைப்பு "வார்ப்பிரும்பு தோசைக்கல் 12 இன்ச்". அப்படியே தமிழில் தேடினால் முதல் பக்கத்தில் வருகிறது. "தோசை கல்" என்று பிரித்து, ஒற்று இல்லாமல் தேடினால் வருவதில்லை. dosa kal, dosai kallu, thosaikal, "iron தோசை கல்" எதற்கும் கிடையாது. போன மாதம் பதிவேற்றியபோது இருந்த நிலை இது. என் கணக்கின் தாக்கம் இருக்கக்கூடாதென்று வேறொரு போனில், கணக்கில் நுழையாமல் தேடிப் பார்த்தேன்.

எல்லா வடிவங்களையும் தலைப்பில் அடுக்கினேன். அதிகம் பேர் கண்ணில் பட்டது, ஆனால் திறந்து பார்ப்பவர்கள் குறைந்தார்கள். போன் திரையில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு, அளவே தெரியவில்லை. எழுத்து வரம்பும் இடிக்கிறது: நமக்கு ஐந்தெழுத்தான "தோசைக்கல்" யூனிகோடில் ஒன்பதாகக் கணக்காகிறது. பிறகு ஆங்கில எழுத்து வடிவங்களைத் தேடுசொல் பெட்டிக்கு மாற்றினேன். dosa kal மட்டும் பிடித்தது. கலப்புத் தேடல் இன்னும் பிடிக்கவில்லை.

இப்போது "Dosa Kal தோசை கல் 12 இன்ச் வார்ப்பிரும்பு" என்று மாற்ற நினைக்கிறேன். ஒற்றை விடுவது மனதுக்கு உறுத்துகிறது, ஆனாலும் வாங்குபவர்கள் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

இரு எழுத்திலும் விற்பவர்களே, தலைப்பில் இரண்டு வடிவங்களுக்குத்தான் இடம் என்றால் எந்த இரண்டை வைப்பீர்கள்?