ஆறுமுக நாவலர் குருபூசை உரை: நாலு பக்கமும் வாசிக்கலாமோ?

டொரன்டோவிலிருந்து

அன்பான ஊரவர்களுக்கு,

இந்தமுறை உரை என் பொறுப்பு. வரைவை இணைத்திருக்கிறேன். 1822 நல்லூரில் பிறப்பு, தாய் தந்தை, ஆசிரியர்கள், பட்டம், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை, 1864இல் சிதம்பரத்தில் பள்ளி, 1879இல் மறைவு. நாலு பக்கம். தந்தது ஏழு நிமிடம். எதை வெட்டுவது? நாள் டிசம்பர் 5 என்று மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன்.

ஒஸ்லோவிலிருந்து

தம்பி, முதல் நாளைத் திருத்து. டிசம்பர் 5 இறந்த ஆங்கிலத் தேதி. குருபூசை கார்த்திகை மகத்தில். அது ஆண்டுக்காண்டு நகரும். பஞ்சாங்கம் பார்த்து மண்டபத்துக்குத் திரும்பச் சொல். சனி ஞாயிறில்தான் கூடலாமென்றால் அழைப்பிதழில் "நினைவுக் கூட்டம்" என்று போடு, "குருபூசை" என்று போடாதே.

இனி உரை. மேடையில் நிமிடத்துக்கு 80, 90 சொல்லுக்கு மேல் போனால் கேட்கிறவருக்கு ஏறாது. ஏழு நிமிடத்துக்கு 600 சொல். உன் வரைவின் தேதிகளை மட்டும் வாசிக்கவே மூன்று நிமிடம் போகும், அவை எல்லாருக்கும் தெரிந்தவை. அதனால் ஒரே ஒரு செயலை எடு. அதில் அவர் எதை விடவில்லை என்பதைக் காட்டு. "தமிழ்ப்பற்று", "தியாகம்" என்ற சொற்கள் வராமல் எழுதிப் பார். எழுத முடிந்தால் உரை சரி.

நான் எடுப்பது பாலபாடம். பள்ளி தொடங்கியாயிற்று, சைவப் பிள்ளையின் கையில் கொடுக்க அச்சுப் புத்தகம் இல்லை. அச்சில் வந்த பாடநூல்கள் பெரும்பாலும் மிசனுடையவை, நம் நூல்கள் ஏட்டில் கிடந்தன. குறையைச் சொல்லிக்கொண்டிருக்காமல் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரத்தோடு திரும்பினார். பிறகு பிள்ளைக்கு வகுப்பு வகுப்பாக ஏறும் பாடங்களைத் தாமே எழுதினார்.

அந்த ஏட்டை அவையில் காட்டு. திரையில் இந்த வரியைப் போட்டு வாசிக்கச் சொல்:

பரடமபடிததரன

ஏட்டில் புள்ளி குத்தமாட்டார்கள், ஓலை கிழியும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. அது "பாடம் படித்தான்". அவை ஒருமுறை தடுமாறட்டும். பிறகு சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு அவர் எழுதின உரைநடை பிள்ளைக்கு என்ன செய்தது என்பது தானே விளங்கும். ஆனால் புள்ளியை அவர்தான் கொண்டுவந்தார் என்று சொல்லிவிடாதே. அச்சில் அது முன்பே வந்துவிட்டது.

சிட்னியிலிருந்து

எங்கட ஊர்ப் பள்ளிக்கும் ஒரு ஸ்தாபகர் இருக்கிறார், அவரைப் பற்றியும் ரெண்டு வரி சேர்க்கலாமே? கூரைக்குக் காசு சேர்க்கிறதையும் அதோட சொல்லிப்போடலாம். நாவலர் பைபிளையே மொழிபெயர்த்தவர் எண்டதை விட்டுப்போட்டியள்.

ஒஸ்லோவிலிருந்து

பைபிள் பாதி சரி. அது பேர்சிவல் பாதிரியாரின் பணி, நாவலர் அதில் உதவினவர். கூரைக் காசை உரைக்குள் கொண்டுவர வேண்டாம். கேட்கிறவர் முதல் ஐந்து நிமிடத்தையும் அதற்கான முன்னுரை என்று நினைத்துவிடுவார். செயலாளர் அறிக்கையில் வரட்டும். எங்கள் ஸ்தாபகருக்கு அவருடைய நாளில் தனி உரை வையுங்கள்.

லண்டனிலிருந்து

அண்ணை, வரைவின் மூன்றாம் பக்கத்தில் "எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி" என்று இருக்கிறது. அந்த "எல்லா" எங்கேயிருந்து வந்தது? சாதி ஒழுங்கை ஏற்று நின்றவர் என்பது அவர் எழுத்திலேயே இருக்கிறது. விழுமியத்தைப் போற்றுகிறோம் என்றால் இல்லாத விழுமியத்தை அவர் தோளில் ஏற்றலாமா? அவையில் அது யாருக்கு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒஸ்லோவிலிருந்து

"எல்லா" போகட்டும் பிள்ளை, நான் கவனிக்கவில்லை. வாழ்க்கை வரலாறு தேதியில் பிழைக்கும், விழுமிய உரை இப்படித்தான் பிழைக்கும்: நமக்கு வேண்டியதை அவர் வாயில் வைத்துவிடுவோம். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு புகழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் அவர் செய்த ஒரு செயலை எழுது. எழுத முடியாத சொல்லை அடி. பஞ்சகாலத்தில் 1877இல் கஞ்சித்தொட்டி வைத்தார் என்பது நிற்கும், "சமத்துவம்" நிற்காது.

லண்டனிலிருந்து

அடித்தால் மட்டும் போதாது. சாதியைப் பற்றி ஒரு வசனமாவது வெளிப்படையாக வரவேண்டும்.

ஒஸ்லோவிலிருந்து

குருபூசை மேடையிலா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

டொரன்டோவிலிருந்து

அண்ணை, அக்கா, அந்த வசனத்தை அச்சியந்திரப் பகுதிக்குப் பிறகு வைத்து ஒரு வரைவும், இல்லாமல் ஒரு வரைவும் இரவைக்கு அனுப்புகிறேன். ஏட்டு வரியைக் கணினியில் தட்டினால் அது தன்பாட்டில் திருத்துகிறது. கையால் எழுதிப் படமாக ஒட்டியிருக்கிறேன். மண்டபக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.