அத்தை சிவப்பு மையில் திருத்தி அனுப்பிய எக்செல் தாள்

கெடிலக்கரை

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அத்தை கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் 29 வருடம் கணக்கு டீச்சர். பென்ஷன் கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி, மாமா விட்டுப்போனது எல்லாம் சேர்த்து 20 லட்சம், மொத்தமும் பேங்க் டெபாசிட்டில். 2014-ல் போட்டபோது 9 சதவீதம், மாதம் ஏறக்குறைய 15,000 வந்தது. 2020 கடைசியில் புதுப்பித்தபோது 5.6 சதவீதம். மாதம் 9,300. மாத்திரைச் செலவு மட்டும் அதற்குள் இரண்டு மடங்காகியிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. 2021 தொடக்கத்தில் சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்ட நேரம். எல்லாவற்றையும் ஈக்விட்டி ஃபண்டில் போட்டு மாதம் 12,500 எடுத்துக்கொள்ளலாம், வருடம் 12 சதவீதம் வளர்ந்தால் அசலில் கைவைக்கவே வேண்டாம் என்று எக்செல்லில் போட்டு, பிரிண்ட் எடுத்து பாண்டிச்சேரியிலிருந்து அனுப்பி வைத்தேன்.

பத்து நாளில் அதே தாள் திரும்பி வந்தது. 12% என்ற எண்ணைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் "எந்த வருடம்?" என்று இரண்டே வார்த்தை. கூடவே ஒரு கடிதம். அதில் முக்கியமான இடம் மட்டும்:

"சிரஞ்சீவி ராஜாவுக்கு அத்தை எழுதிக்கொண்டது. கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. கேள்வியைத்தான் தப்பாகப் படித்திருக்கிறாய். நீ ஒவ்வொரு வருடமும் 12 என்று போட்டிருக்கிறாய். சந்தை அப்படி வரிசையாக வராது. ஒரு வருடம் 40 இறங்கும், அடுத்தது 30 ஏறும், அதற்கடுத்தது 60 ஏறும் என்று வைத்துக்கொள். 20 லட்சத்தைத் தொடாமல் விட்டால் மூன்று வருடத்தில் 24 லட்சத்து 96 ஆயிரம். வரிசையைத் திருப்பிப் போட்டாலும் அதே விடைதான். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது வருடத் தொடக்கத்தில் சாப்பாட்டுக்கு ஒன்றரை லட்சம் எடு. இறக்கம் முதலில் வந்தால், மீதி 18.5 லட்சம் 11.1 ஆகிறது. மறுபடி ஒன்றரை எடுத்து 30 ஏற்றினால் 12.48. மறுபடி எடுத்து 60 ஏற்றினால் 17 லட்சத்து 57 ஆயிரம். ஏற்றம் முதலில் வந்து இறக்கம் கடைசியில் வந்தால் 21 லட்சம். அதே மூன்று எண்கள்தான். மூன்றரை லட்சம் எங்கே போனது? விலை இறங்கிக் கிடந்தபோது நான் சாப்பிட விற்றதில் போனது. உனக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வரும், இறங்கினால் நீ இன்னும் வாங்குவாய். எனக்கு ஒன்றாம் தேதி அந்தப் பணம்தான் சம்பளம்.

அதனால் நீ சந்தையில் போடு. 35 வயதில் டெபாசிட் போட்டு, வட்டிக்கு 30 சதவீதம் வரி கட்டிவிட்டு எனக்குப் புத்தி சொல்லாதே. எனக்கு 15 லட்சம் தபால் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போகட்டும், 7.4 தருகிறார்கள். 3 லட்சத்தை ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று மூன்று டெபாசிட்டாகப் பிரித்துவிடு. வருடத்துக்கு ஒன்று கைக்கு வரும். 2 லட்சம் மட்டும் உன் இஷ்டம். பத்து வருடம் அதைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது."

அப்படியே செய்தோம். எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான். 2024 செப்டம்பரில் சென்செக்ஸ் 85,000-ஐத் தாண்டியது. என் எக்செல்லே சரியாக இருந்திருக்கும் போலிருக்கிறது. அத்தை ஜெயித்தாரா, தோற்றாரா?

பாலூர் பலா

தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 என்றைக்கும் மறக்காது. விடியற்காலையில் கூரை ஓடெல்லாம் பறந்து போனது, பலாமரம் வேரோடு சாய்ந்து திண்ணையில் கிடந்தது. அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால்தான் ரிடயர் ஆன பணத்தில் 4 லட்சம் ஃபண்டில் போட்டிருந்தேன். அந்த 2011-ல் சந்தை ஏறக்குறைய கால் பங்கு விழுந்திருந்தது. ஜனவரியில் ஓட்டுக்கும் கொத்தனாருக்கும் கொடுக்க விற்றபோது கையில் வந்தது 3 லட்சத்துக்குச் சொச்சம். அடுத்த வருடம் சந்தை மறுபடி கால் பங்கு ஏறியது. வீட்டுக்கு மேல் ஓடு இல்லாதவன் அதற்காகக் காத்திருக்க முடியுமா?

பக்கத்து வீட்டுக்காரர் அதே வாரம் பேங்க் டெபாசிட்டை முறித்தார். வட்டியில் 1 சதவீதம் பிடித்தார்கள், அசல் முழுசாக வந்தது. அவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்று "உங்களுக்கு எவ்வளவு வந்தது சார்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. உங்கள் அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு.

லாஸ்பேட்டை லோகு

ஒரு வருடக் கதையை வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள் பாலூர் சார். பங்குச்சந்தையில் ஐந்து வருடம் பொறுத்தால் நஷ்டமே வராது, இது எல்லோருக்கும் தெரிந்தது. டெபாசிட்தான் நிச்சய நஷ்டம், விலைவாசி தின்றுவிடும். அதற்கும் மேல் பேங்க் திவாலானால் 5 லட்சம்தான். அதனால் நான் அம்மாவுக்கு ஒரே பேங்கில் ஐந்து ஐந்து லட்சமாக நான்கு டெபாசிட் போட்டு வைத்திருக்கிறேன், நான்குக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு.

ஓய்வுபெற்ற கேஷியர்

லோகு தம்பி, இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது.

முதலில் அம்மா பணம், அதுதான் அவசரம். அந்த 5 லட்சம் ரசீதுக்கு இல்லை, ஆளுக்கு. ஒருவர் பெயரில் ஒரு பேங்கில் எந்தக் கிளையில் எத்தனை ரசீது இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து மொத்தம் 5 லட்சம்தான். 2020 பிப்ரவரிக்கு முன் 1 லட்சமாக இருந்தது. நீங்கள் பிரித்த பிரிவில் 15 லட்சத்துக்குக் காப்பு இல்லை. வேறு வேறு பேங்கில் போட்டால்தான் தனித்தனியாகக் கணக்காகும். அதிலும் முழு 5 போடாமல், வட்டிக்கு இடம் விட்டு நாலரை போடுங்கள். கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்திருந்தேன், பத்தில் எட்டுப் பேர் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது, ஐந்து வருடக் கதை. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 20,800. ஐந்தரை வருடம் கழித்து, 2013 ஆகஸ்டில் 18,600 பக்கம். நடுவில் 2009 மார்ச்சில் 8,100 வரை போனது. டிவிடெண்ட் தனி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொறுத்தவனுக்கே இந்த நிலை என்றால், மாதாமாதம் எடுத்துத் தின்றவனுக்கு டீச்சரம்மா போட்ட கணக்குதான் நடந்திருக்கும்.

விலைவாசி விஷயத்தில் நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. 15,000 வந்த இடத்தில் 9,300 வந்ததே, அது டெபாசிட்டின் இறக்கம். சந்தை மாதிரி ஒரே நாளில் விழாது, புதுப்பிக்கிற அன்று விழும். டீச்சரம்மா சீனியர் சிட்டிசன் திட்டத்துக்குப் போனது அதற்காகத்தான் இருக்கும், ஐந்து வருடத்துக்கு வட்டி மாறாது. பத்து வருடத்துக்கு 2 லட்சம்தான் சந்தையில் என்பது என் கணக்கில் குறைவு. நாலு லட்சமாவது வைத்திருக்கலாம். அது என் அபிப்பிராயம்தான்.

கெடிலக்கரை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 ஆனதே, அத்தை கணக்கு அதற்கு மாறியதா? தானாக மாறாது, சேர்ந்த அன்று இருந்த 7.4-லேயே ஓடும். இரண்டு வருடம் முடிந்தபின் மூடினால் அசலில் 1 சதவீதம் பிடிப்பார்கள், 15 லட்சத்துக்கு 15,000. புதிதாகப் போட்டால் வருடத்துக்கு 12,000 கூட. மீதி மூன்று வருடத்தில் 36,000. போனது போக 21,000 மிச்சம். ஆனால் ஐந்து வருடம் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மஞ்சக்குப்பம் மாலா

டெபாசிட் பாதுகாப்பு என்று யாரும் சொல்லாதீர்கள். எங்கள் அப்பா 6 லட்சம் போட்டது போனது போனதுதான். 12 சதவீதம் தருகிறோம் என்றார்கள், பச்சைக் கலரில் ரசீது, பேங்க் ரசீது மாதிரியே இருக்கும். ஒருநாள் போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது, வாசலில் அறுபது பேர். அப்பா அந்த ரசீதை பீரோவில் இன்னும் வைத்திருக்கிறார். எஃப்.டி. என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற கேஷியர்

மாலாம்மா, மன்னிக்கவும். அது பேங்கா, ஃபைனான்ஸ் கம்பெனியா? 12 என்றால் பேங்காக இருக்க வாய்ப்பு குறைவு. ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு அந்த 5 லட்சக் காப்பு கிடையாது.

மஞ்சக்குப்பம் மாலா

அப்பாவுக்கு அது பேங்க்தான். மேலாளர் டை கட்டியிருந்தார்.

நெல்லித்தோப்பு வரதன்

எல்லோரும் வட்டியைப் பேசுகிறீர்கள், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற 15எச் படிவம் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு வருடம் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள், அதுதான் என் அனுபவம். மற்றதைக் கேளுங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத பெரியவர்கள் ஏப்ரல் மாதமே 15எச் கொடுத்துவிட வேண்டும். ஒரு பேங்கில் கொடுத்தால் இன்னொரு பேங்குக்குத் தெரியாது, ஒவ்வொன்றிலும் கொடுக்க வேண்டும், தபால் ஆபீஸில் தனியாக. வருடா வருடம் கொடுக்க வேண்டும், போன வருடம் கொடுத்தேனே என்று சண்டை போட்டுப் பயனில்லை. 2025 ஏப்ரலிலிருந்து பெரியவர்களுக்கு ஒரு பேங்கில் வட்டி வருடம் 1 லட்சம் தாண்டினால்தான் பிடிப்பார்கள், முன்பு 50,000. பிடித்துவிட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும், பெரியம்மாவுக்கு எட்டு மாதம் ஆனது. கொடுத்த படிவத்துக்கு அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கி, தேதியோடு ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நாமினி பெயர் ரசீதில் அச்சாகியிருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள். கெடிலக்கரை, உங்கள் அத்தை 15எச் கொடுத்தாரா?

லாஸ்பேட்டை லோகு

கேஷியர் சார், அம்மா கணக்கை நாளைக்கே பார்க்கிறேன். ஆனால் 2008-ஐ மட்டும் எடுத்துக் காட்டுவது நியாயமில்லை. 2021-ல் போட்டிருந்தால்?

கெடிலக்கரை

வரதன் சார், கொடுத்தார், ஏப்ரல் முதல் வாரமே கொடுத்துவிடுவார்.

கேஷியர் சார், மாற்றவில்லை. 8.2 ஆனது எனக்குத் தெரியும், அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. 21,000 ரூபாய். எக்செல் போட நேரம் இருந்தது, இதற்கு இல்லை.

லோகு சொல்கிற 2021 கேள்விதான் எனக்கும். போன ஞாயிறு நேரிலேயே கேட்டேன். "ஏறியது நல்லதுதான். 2021-ல் நமக்கு அது தெரியுமா?" என்றார். அதற்குமேல் பேச்சை வளர்க்காமல் டியூஷன் பிள்ளைகளின் நோட்டை எடுத்துக்கொண்டார்.

அந்த 2 லட்சத்துக்கு ஸ்டேட்மென்ட் வரும்போதெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். சிவப்பு மை தாளோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். நான் ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தபடியே இருக்கிறது, ஒன்றும் பிரிக்கவில்லை.