கீழத்தெரு வாட்ஸ்அப் குழுவில் விபத்து அறிவிப்பை மாற்றி எழுதியது

இசக்கி அண்ணாச்சி: கால்வாய்ப் பாலத்துக்கிட்ட நேற்று ராத்திரி நடந்த பைக் விபத்தைப் பற்றி ஒரு அறிவிப்பு எழுதிப் படத்தோடு போட்டிருக்கிறேன், எல்லோரும் மற்ற குழுக்களுக்கும் அனுப்புங்கள்.

கனகா டீச்சர்: அண்ணாச்சி, அந்தப் படத்தை எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிடுங்கள். அடிபட்ட பையன் இன்னும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், அவன் சித்தி இந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.

இசக்கி அண்ணாச்சி: அழித்துவிட்டேன். ஆனால் பயந்தால்தானே டீச்சர் ஜனங்கள் கேட்பார்கள்?

கனகா டீச்சர்: பயம் ஒரு நிமிஷம் நிறுத்தும், சரிதான். அப்புறம் என்ன செய்யணும் என்று தெரியாவிட்டால், பார்க்கச் சகிக்காமல் தள்ளிவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் 'அவன் வேகமாப் போயிருப்பான், நமக்கு வராது' என்று மனசைத் தேற்றிக்கொள்வார்கள். நீங்கள் பத்து வரி காயத்தைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் 'கவனமாகச் செல்லுங்கள்' என்று முடித்திருக்கிறீர்கள். இதைப் படித்தவர் இன்றைக்குச் சாயங்காலம் எதை மாற்றிச் செய்வார்?

பேச்சியம்மாள் அத்தை: ஹெல்மெட் போடச் சொல்லி எழுது தாயி. எங்க வீட்டுக்காரர் அதைப் பெட்ரோல் டேங்க் மேலேயே வைத்துக்கொண்டு போய்த்தான் விழுந்தார்.

கனகா டீச்சர்: அதுவும் வேணும் அத்தை. ஆனால் இந்தப் பையன் ஹெல்மெட் போட்டிருந்தான். அவன் மோதியது, விளக்கு இல்லாமல் தார் ரோட்டு ஓரம் நின்ற நெல் டிரெய்லரில். அதனால் இந்த அறிவிப்பு டிரெய்லர் நிறுத்துகிறவர்களுக்கு.

மாரி (டிராக்டர்): அப்போ எல்லாப் பழியும் எங்க மேலயா? பிசான அறுப்பு நேரத்தில் வயலுக்குள் இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும், வேறு எங்கே நிறுத்த?

கனகா டீச்சர்: யார் தப்பு என்று ஒரு வரிகூட வேண்டாம் மாரி, அதை போலீஸ் பார்க்கட்டும். 60 வேகத்தில் வருகிற பைக் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் வந்துவிடும். எதிரே லாரி ஹைபீம் அடித்தால், முன்னால் நிற்கிற டிரெய்லர் கண்ணுக்கே தெரியாது. தெரிய வைப்பதற்கு உன்னால் என்ன முடியும், நீயே சொல்.

மாரி (டிராக்டர்): சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனால் ஒட்டினால் மட்டும் போதாது, சேறு பிடித்துவிடும், வைக்கோல் பாரம் ஏற்றினால் தொங்கி மறைத்துவிடும். தினமும் ஒரு துணியால் துடைக்கணும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லையும் பாதிப் பேர் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கனகா டீச்சர்: இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி எழுதலாமா:

'டிராக்டர் ஓட்டும் அண்ணன்மார்களுக்கு. பொழுது அடையும் முன் டிரெய்லரைத் தார் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்கள். முடியாவிட்டால் பின்பக்கச் சிவப்பு ஸ்டிக்கரைத் துடைத்துவிட்டு, வைக்கோல் மறைக்காமல் பாருங்கள். கிளம்பும்போது அண்டைக் கல்லை ரோட்டிலிருந்து எடுத்து ஓரமாகப் போடுங்கள். இருட்டில் பால் வாங்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு உங்கள் வண்டி தெரியட்டும்.'

மாரி (டிராக்டர்): இதை நானே குரல் பதிவாகப் பேசி எங்க டிரைவர் குழுவில் 5 மணிக்குப் போடுகிறேன். நாங்க சொன்னால்தான் அவங்க கேட்பாங்க.

இசக்கி அண்ணாச்சி: வேகத்தைப் பற்றி ஒண்ணும் இல்லையே?

கனகா டீச்சர்: அதைப் பையன்களுக்குத் தனியாக எழுதணும் அண்ணாச்சி. எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செல்வி: டீச்சர், நான் அவன் சித்தி. இதை அனுப்புங்க. அவன் பேர் மட்டும் எங்கேயும் வேண்டாம்.